‘ஒரு வெப்சைட் பண்ணணும்’ என்று கேட்பதற்கு முன்: நர்சரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணா, நம்ம நர்சரிக்கு ஒரு வெப்சைட் பண்ணணும். எவ்வளவு ஆகும்?”

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் வெப்சைட் செய்து கொடுப்பவர்களின் வாட்ஸ்அப்புக்கு வருவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். இதற்கு ஒருவர் ஆறாயிரம் என்பார், இன்னொருவர் அறுபதாயிரம் என்பார். இரண்டு பேருமே ஏமாற்றுகிறவர்கள் இல்லை. முதல் ஆள் நினைத்தது பெயர், போன் நம்பர், நாலு படம் உள்ள ஒரே பக்கம். இரண்டாவது ஆள் நினைத்தது கன்றை இணையத்திலேயே விற்று, பணம் வாங்கி, பில் போடும் கடை. எதற்கு, யாருக்கு, எத்தனை பக்கம், எவ்வளவு பணம், பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற ஐந்தையும் நீங்கள் சொல்லாததால் அவரவர் தெரிந்தபடி நிரப்பிக்கொண்டார்கள். அந்த நிரப்பலுக்குப் பணம் கட்டப்போவது நீங்கள்.

போச்சம்பள்ளி வட்டம் சந்தூர் பக்கம் ஒரு மாங்கன்று நர்சரி இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்த ஐந்தையும் எப்படி முடிவு செய்வது, எப்படி எழுதி அனுப்புவது என்று பார்ப்போம். கிரானைட் பட்டறையோ ஒகேனக்கல் பக்கம் தங்கும் விடுதியோ வைத்திருந்தாலும் வரிசை இதுதான், பதில்கள்தான் மாறும்.

1. எந்த வேலையைக் குறைக்க வேண்டும் என்று எழுதுங்கள்

“வியாபாரம் பெருகணும்” என்பதை வைத்து யாரும் வெப்சைட் கட்ட முடியாது. நர்சரி போன் ஒரு நாள் முழுக்க எதற்கெல்லாம் அடிக்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். மாங்கன்று நர்சரிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: அல்போன்சா இருக்கா, பெங்களூரா என்ன விலை, ஏக்கருக்கு எத்தனை கன்று வேணும், வண்டியில் ஏற்றி அனுப்புவீங்களா, எப்படி வர்றது. விலை கேட்பவருக்கும் ஏக்கர் கணக்கு கேட்பவருக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டால், அதன் பிறகு வரும் போன் வாங்கப்போகிறவரின் போனாக இருக்கும். இந்த நர்சரிக்கு வெப்சைட்டின் வேலை அதுதான். ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்: “ரகம், விலை, ஏக்கர் கணக்கு, வண்டி வசதி தெரிந்துகொண்டு வாங்கத் தயாராக இருப்பவர் எங்களுக்கு வாட்ஸ்அப் செய்ய வேண்டும்.”

இந்த ஒரு வரி இருந்தாலே, ‘ஆன்லைனில் விற்க கார்ட் போட்டுத் தரவா?’ என்று வெப்சைட் செய்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. இருநூறு கன்று வாங்குபவர் ஒட்டுப் பகுதியையும் வேரையும் நேரில் பார்த்து, பேரம் பேசி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மண்ணோடு இருக்கும் கன்றைக் கூரியரில் அனுப்புவதும் சிரமம். கார்ட் போட்டால் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே வேண்டும். அதற்கு பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், பணம் திருப்பித் தரும் விதிகள், தனியுரிமைக் கொள்கை என்று தனித் தனிப் பக்கங்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் சுமார் 2 சதவீதக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் போகும். யாரும் தொடாத ஒரு பொத்தானுக்கு இத்தனை வேலை தேவையில்லை.

நோட்டில் “எப்படி வர்றது” என்ற கேள்விதான் அதிகம் என்றால் வெப்சைட்டே வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். இடம், நேரம், போன் நம்பர், படம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். வெப்சைட் செய்வதாக இருந்தாலும் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

2. யார் பார்க்கப் போகிறார்கள்

“எல்லாரும்” என்று எழுதினால் வடிவமைப்பவர் தன் கம்ப்யூட்டர் திரைக்கு அழகாக ஒன்றைச் செய்வார். உங்கள் வாடிக்கையாளரோ தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு, சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு இருக்கும் இடத்தில், போனில் திறப்பார். அதனால் இப்படி எழுதுங்கள்: “பார்ப்பவர்கள் 2 முதல் 10 ஏக்கர் வரை மா நடப்போகும் விவசாயிகள். போனில்தான் பார்ப்பார்கள். தமிழ் முதன்மை.”

மொழியில்தான் செலவு சத்தமில்லாமல் ஏறும். நம் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் கர்நாடகா. தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டும் என்று ஆசை வரும். ஒரு மொழி சேர்த்தால் எல்லாப் பக்கத்தையும் இன்னொரு முறை எழுத வேண்டும், விலை மாறும்போது அங்கேயும் மாற்ற வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்றால், தமிழ் முழுதாகவும் ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒரே ஒரு பக்கமும் போதும். நம் ஆட்களிலேயே பலர் கூகுளில் தமிழில் தட்டுவதில்லை, `santhur mango nursery` என்றுதான் தட்டுகிறார்கள். அந்த ஆங்கிலப் பக்கம் அவர்களையும் கொண்டுவரும்.

3. பக்கங்களை விரல் விட்டு எண்ணுங்கள்

விலை சொல்பவர் எண்ணுவது பக்கங்களைத்தான். நீங்கள் எண்ணாவிட்டால் “ஐந்து பக்கம்” என்று பேசி ஆரம்பித்த வேலை பாதியில் பதிமூன்று பக்கமாகி, கூடுதல் பணத்துக்குச் சண்டை வரும். சண்டை பெரும்பாலும் ரகங்களில்தான் தொடங்குகிறது. பெங்களூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரா, மல்கோவா, நீலம், இமாம் பசந்த், காலாப்பாடு என்று எட்டு ரகம் விற்கிறீர்கள். எட்டுக்கும் தனித் தனிப் பக்கமா, எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகவா? முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே பக்கம் என்பதே என் பரிந்துரை. விலை மாற்றும்போது ஒரே இடத்தில் கை வைத்தால் போதும்.

சந்தூர் நர்சரிக்கு நான் எழுதும் பட்டியல் இது: முகப்பு, ரகங்களும் விலையும், ஏக்கர் கணக்கு, கன்று எடுக்கும் முறையும் வண்டி வாடகையும், தொடர்பு. இவற்றோடு ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒன்று. மொத்தம் ஆறு.

ஏக்கர் கணக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 40 கன்று, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அடர் நடவு என்றால் சுமார் 160 கன்று. இந்த இரண்டு வரியும், வழியில் பட்டுப்போகும் கன்றுக்காகச் சில கூடுதலாக எடுக்கச் சொல்லும் ஒரு வரியும் இருந்தால் போதும். “எங்கள் நோக்கம், எங்கள் தொலைநோக்கு” என்று ஒரு பக்கம் போட்டுத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதை யாரும் படிப்பதில்லை.

4. யார் பார்த்துக்கொள்வது: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஐந்தில் இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஆனால் வெப்சைட்டை எதில் கட்டுவது என்பதையே இந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. “என் பையன் பார்த்துக்குவான்” என்பது பதில் ஆகாது. பையன் ஓசூரில் ஷிப்ட் வேலையில் இருப்பான். ஆனி மாதம் மழை விழுந்து ஒரே வாரத்தில் இமாம் பசந்த் தீர்ந்துபோகும்போது, “இருப்பு இல்லை” என்று போடப்போவது யார்? அந்த ஆளின் பெயர், அவரிடம் இருப்பது போனா கம்ப்யூட்டரா, வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

நர்சரியில் பில் போடும் பெண் தினமும் இருப்பு நோட்டை எழுதுகிறார், கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது என்றால், அவர் போனிலேயே உள்ளே நுழைந்து விலையை மாற்றும் ஏற்பாடு வேண்டும். வேர்ட்பிரஸ் மாதிரி ஒரு மென்பொருள் இதற்குச் சரிப்படும். ஆனால் வேர்ட்பிரஸுக்குப் பராமரிப்பு உண்டு. அந்த மென்பொருளுக்கும் அதோடு சேர்க்கும் பிளகின்களுக்கும் அடிக்கடி புதுப் பதிப்பு வரும், போடாமல் விட்டால் ஓட்டை விழும். வெப்சைட் ஹேக் ஆனதை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கூகுளில் உங்கள் நர்சரி பெயரைத் தேடும்போது அதன் கீழே சம்பந்தமே இல்லாத மருந்து விளம்பரமோ சூதாட்ட விளம்பரமோ வரும். மாதம் ஒருமுறை அப்டேட், மாதம் ஒருமுறை பேக்கப், இவை இரண்டையும் செய்வது யார் என்று விலை பேசும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாற்றுவதற்கு ஆளே இல்லையா? அதுவும் ஒரு பதில்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் மாறாத பக்கங்களாகவே, சாதாரண எச்டிஎம்எல் கோப்புகளாகக் கேளுங்கள். அதில் புதுப்பிக்க ஒன்றும் இல்லை, ஹேக் ஆகும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் அதில் விலை போடாதீர்கள். ‘இன்றைய விலைக்கும் இருப்புக்கும் வாட்ஸ்அப் செய்யவும்’ என்று போடுங்கள். போன வருஷ விலையைப் பார்த்துவிட்டு ஊத்தங்கரையிலிருந்து வண்டி எடுத்து வந்தவரிடம் விலை ஏறிவிட்டது என்று சொல்வதைவிட, விலையே போடாமல் இருப்பது நல்லது.

வாட்ஸ்அப் பொத்தானுக்கான இணைப்பு இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91-க்குப் பிறகு பத்து இலக்கம். முன்னால் கூட்டல் குறியோ 0-வோ நடுவில் இடைவெளியோ வந்தால் இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். செய்து முடித்ததும் வேறொருவர் போனிலிருந்து தட்டிப் பாருங்கள்.

5. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வேலை தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் செய்பவர் இல்லை, படமும் எழுத்தும் தராத நாம்தான். கீழே சொல்பவற்றை ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போட்டுவிட்டு ஆள் தேடுங்கள்.

படம். கன்றுப் படம் எந்த மாதமும் எடுக்கலாம், பழப் படம் அறுவடைக் காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். சித்திரையிலிருந்து ஆடிக்குள் ஒவ்வொரு ரகமும் பழுக்கும்போது, மரத்தில் ஒன்றும் கையில் ஒன்றும் அறுத்தது ஒன்றும் எடுத்து, ரகத்தின் பெயரையே கோப்புக்கு வையுங்கள். நீங்கள் தராவிட்டால் செய்பவர் இணையத்திலிருந்து எடுத்துப் போடுவார். அவருக்குச் செந்தூராவுக்கும் பங்கனப்பள்ளிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. படத்துக்கு உரியவர் பணம் கேட்டு மெயில் அனுப்பவும் வாய்ப்புண்டு. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாகுமென்டாக அனுப்புங்கள் அல்லது டிரைவில் ஏற்றுங்கள். போனில் எடுக்கும் படம் பல எம்பி இருக்கும். பக்கத்தில் போடும்போது ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் சுருக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வரப்பில் நிற்பவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது.

எழுத்து. பிரஸ்ஸில் அடித்த நோட்டீஸின் கோப்பு இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுப்பது வழக்கம். இங்கே ஒரு சிக்கல். அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருப்பார்கள். அதை அப்படியே ஒட்டினால் “மாங்கன்று” என்பது இப்படி வரும்:

```
khq;fd;W
```

இணையத்துக்கு வேண்டிய யுனிகோட் முறையில் இருக்கிறதா என்று பார்க்க, அந்த எழுத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதும் படித்துத் திருத்துங்கள்.

இவை தவிர லோகோவின் மூலக் கோப்பு (விசிட்டிங் கார்டு செய்தவரிடம் கோரல்டிரா கோப்போடு பிஎன்ஜி கோப்பும் கேளுங்கள்), கூகுள் மேப் இணைப்பு, ஜிஎஸ்டி எண் இருந்தால் அது. இவ்வளவுதான்.

6. பணத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்

பட்ஜெட்டைச் சொன்னால் அந்தத் தொகைக்கே விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வேலையின் அளவைச் சொல்லாமல் பட்ஜெட் மட்டும் சொன்னால் அப்படித்தான் நடக்கும். ஆறு பக்கம் என்று எழுதிவிட்டு உச்சவரம்பு சொன்னால், அந்தத் தொகைக்குள் எது முடியும், எது முடியாது என்று பேச்சு நேராக வரும்.

ஒருமுறைச் செலவு, வருஷச் செலவு, ஒவ்வொரு திருத்தத்துக்குமான செலவு என்று தனித் தனியாகக் கேளுங்கள். நம் நர்சரிக்கு ஒரு மாதிரிக் கணக்கு: செய்பவருக்கு 12,000. வெப்சைட்டின் முகவரியான டொமைன் 800, வெப்சைட்டை வைக்கும் இடமான ஹோஸ்டிங் 3,000, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி 684, ஆக 4,484. முதல் வருஷம் 16,484. உச்சவரம்பு 18,000 என்று எழுதினால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இரண்டாம் வருஷத்திலிருந்து 4,484-ஓடு, ஒரு திருத்தத்துக்கு 500 வீதம் வருஷத்துக்கு நாலு என்று 2,000 சேர்த்தால் 6,484.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் விற்கும் நிறுவனங்கள் பெரிதாக எழுதிக் காட்டுவது முதல் வருஷத் தள்ளுபடி விலையை. அடுத்த வருஷம் புதுப்பிக்கும் விலை பல மடங்கு இருக்கலாம், கணக்கில் போட வேண்டியது அதைத்தான். அடுத்து, செய்பவர் தன் கூலிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி கேட்டால் பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். பதிவே செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது.

7. டொமைன் யார் பேரில்

இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். “எல்லாம் நானே பார்த்துக்கிறேன் சார், பேக்கேஜ்லயே வருது” என்பார்கள். அப்போது வெப்சைட்டின் முகவரி அவருடைய கணக்கில், அவருடைய மெயிலில் பதிவாகும். அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் உங்களுக்கு வராது. டொமைன் காலாவதியான பிறகு சில வாரம் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள். அதையும் தாண்டினால் `.com` முகவரிகளுக்கு 30 நாள் மீட்புக் காலம், அப்போது கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், போர்டிலும் பில்லிலும் அச்சடித்த முகவரி வேறு எதற்கோ போகும்.

நர்சரி பெயரில் ஒரு மெயில் தொடங்கி, உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, டொமைனை நீங்களே வாங்குங்கள். பத்து நிமிட வேலை, யுபிஐயிலேயே பணம் கட்டலாம். பிறகு செய்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் முடிவு தேதியை `lookup.icann.org` பக்கத்தில் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம். உரிமையாளர் பெயர் அங்கே பெரும்பாலும் மறைந்திருக்கும். அதனால் உண்மையான சோதனை ஒன்றுதான்: பாஸ்வேர்டு மறந்துவிட்டதாக அழுத்தினால் ஓடிபியோ மெயிலோ உங்களுக்கு வருகிறதா?

8. அனுப்ப வேண்டிய செய்தி

இப்போது அந்த ஒரு வரிக்குப் பதில் இதை அனுப்பலாம். மூன்று பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால்தான் விலையை ஒப்பிட முடியும்.

> வணக்கம். சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி. வாங்கத் தயாராக இருக்கும் விவசாயி ரகம், விலை, ஏக்கர் கணக்கு பார்த்துவிட்டு வாட்ஸ்அப் செய்வதற்காக வெப்சைட் வேண்டும். ஆன்லைன் விற்பனை வேண்டாம். பார்ப்பவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். தமிழில் 5 பக்கம், ஆங்கிலத்தில் 1. எட்டு ரகமும் ஒரே பக்கத்தில். விலையையும் இருப்பையும் எங்கள் ஊழியர் வாரம் ஒருமுறை ஆண்ட்ராய்டு போனிலிருந்து மாற்றுவார், அவருக்கு ஒருமுறை சொல்லித்தர வேண்டும். டொமைன் எங்கள் பேரில் இருக்கிறது. எழுத்தும் படமும் தயார். முதல் வருஷம் எல்லாம் சேர்த்து 18,000-க்குள். மே முதல் வாரம் பக்கம் திறந்திருக்க வேண்டும். செய்கூலி, வருஷச் செலவு, ஒரு திருத்தத்துக்கான கூலி, மாத அப்டேட்டும் பேக்கப்பும் யார் செய்வது என்பதைத் தனித் தனியாக எழுதி அனுப்புங்கள். நீங்கள் செய்த இரண்டு வெப்சைட்டின் முகவரியும் வேண்டும்.

பதிலில் மொத்தமாக ஒரே தொகை மட்டும் வந்தால் இன்னொரு முறை பிரித்துக் கேளுங்கள். அப்போதும் பிரிக்காதவரை விட்டுவிடுங்கள். கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புபவரை, உதாரணமாக “உங்க ஊழியருக்குத் தமிழ் டைப்பிங் வருமா?” என்று கேட்பவரை, விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

9. எப்போது தொடங்குவது, எப்போது கடைசிப் பணம்

மா வேலை உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை உங்களால் ஒரு பக்கத்தைக்கூடச் சரிபார்க்க முடியாது. நடவுக்குக் கன்று தேடி ஆட்கள் வரத் தொடங்குவதும் ஜூனில்தான். அதனால் ஜனவரியில் நோட்டு, பிப்ரவரியில் விலை கேட்பது, மார்ச்சில் வேலை, மார்ச் கடைசியில் சரிபார்ப்பு என்று வையுங்கள். புதுப் பக்கம் கூகுள் தேடலில் தெரிவதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம், அந்த இடைவெளிக்குத்தான் மே என்று கேட்கிறோம்.

பணத்தை மூன்று தவணையாக்குங்கள்: தொடங்கும்போது 40 சதவீதம், எல்லாப் பக்கமும் போனில் திறப்பதைக் காட்டியதும் 40, மிச்சம் 20 ஒப்படைப்பின்போது. 12,000-த்தில் அந்தக் கடைசித் தவணை 2,400. ஹோஸ்டிங் கணக்கின் லாகின், வெப்சைட் நிர்வாக லாகின், முழு பேக்கப் கோப்பு மூன்றும் உங்கள் கைக்கு வந்து, பாஸ்வேர்டுகளை நீங்களே மாற்றி, பில் போடும் பெண் யார் உதவியும் இல்லாமல் தன் போனிலிருந்து ஒரு ரகத்தின் விலையை மாற்றிக் காட்டிய பிறகு அதைக் கொடுங்கள்.